போகலாமா என்று கேட்ட சந்து

சந்தில் கேட் வந்த நாளிலிருந்து நாற்றுக்காரிக்குப் பகல் கனவு வரத் தொடங்கியது.

மதியம் சாப்பிட்டுவிட்டு பச்சை நிழல்வலைக்குக் கீழே, காலி மண் சாக்குகளின் மேல் கொஞ்சம் சாய்வாள். தெளிப்பான் குழாயிலிருந்து பனி மாதிரித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். கண் செருகியதும் சந்து வந்துவிடும். நிஜத்தில் அது ஒன்பது அடி அகலம், அறுபது தப்படி நீளம், அவ்வளவுதான். தெருவில் தொடங்கி, முன் வீட்டுச் சுவரை ஒட்டி வந்து, இவளுடைய நாற்றுப் பண்ணையில் முடியும். கனவில் மட்டும் அதற்கு நீளம் சொல்லி மாளாது. நடக்க நடக்க நீண்டுகொண்டே போகும். அந்தக் கோடியில், தெருவோரம், அவள் புருஷன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, யாரையோ பார்த்து "போகலாமா?" என்று கேட்பார். யாரை என்று எட்டிப் பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிடும். மூஞ்சியெல்லாம் தெளிப்பான் தண்ணீராக இருக்கும்.

"செத்தும் அதையேதான் கேக்கிறார் பாரு," என்று எழுந்து உட்கார்ந்து வாய்விட்டே திட்டுவாள்.

திட்டுவதற்குக் காரணம் இருந்தது. இருபத்தாறு வருஷம் அந்தச் சந்து வழியாகத்தான் நாற்று ஏற்றும் வண்டி வந்தது, போனது. வாரத்துக்கு இரண்டு நாள், காலை ஏழு மணிக்கு. ஒவ்வொரு தடவையும் மனுஷன் வண்டியைச் சந்து முனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி, "போகலாமா?" என்று ஒரு குரல் கொடுப்பார். அப்புறம்தான் வண்டி உள்ளே நுழையும். அவள் அந்த நேரத்தில் பண்ணைக் கோடியில் முழங்கை வரை சேற்றோடு நாற்றுப் பைகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். காதில் விழுவது அந்த ஒரு குரல்தான்.

"எதுக்குப் பிச்சைக்காரன் மாதிரி தினம் கேக்கிறீங்க? இத்தனை வருஷமாப் போயிட்டு வர்ற பாதைதானே?" என்று அவள் எரிந்து விழுவாள்.

"கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?" என்பார் அவர். அதோடு சரி. ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்வதென்றால் அவருக்குப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி. போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. போகும்போதும் எதையும் விளக்கவில்லை.

அவர் போனதற்கு அடுத்த வருஷம் முன் வீட்டுக்காரரும் போனார். தூர ஊரிலிருந்த அவருடைய மகன் வந்து, வீட்டைப் பூட்டு சாவியோடு மருந்து மொத்த வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டுப் போனான். மருந்துக்காரர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றுக்கும் காகிதம் பார்க்கிறவர், அவ்வளவுதான். பத்திரத்தில் வீடும் சந்தும் சேர்த்து அவர் பெயரில் இருந்தது. பின்னால் இருக்கும் பண்ணைக்கு இதில் வழி உண்டு என்று ஒரு வரிகூட இல்லை. ஆகவே சந்து முனையில் இரும்பு கேட் போட்டார், அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு மாட்டினார், கேட்டுக்குப் பின்னால் தன் காரை நிறுத்தினார். அன்று காலை வண்டிக்காரன் அடித்த ஹாரன் பண்ணை வரை கேட்டது. இவள் கை மண்ணோடு ஓடிவந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"அம்மா, எனக்கு உங்க மேல ஒரு கோபமும் இல்ல," என்றார் மருந்துக்காரர். "என் எடம். பத்திரம் இருக்கு. உங்ககிட்ட ஏதாவது காகிதம் இருந்தாக் காட்டுங்க, இப்பவே திறந்து விடுறேன்."

அவளிடம் காகிதம் இல்லை. பண்ணைக்குப் பின்னால் வடிகாலின் மேல் ஒரு பலகைப் பாலம் இருந்தது. மூன்றடி அகலம். பேருந்துக்கும் கடைக்கும் அவள் என்றைக்கும் அந்த வழியாகத்தான் போய்வந்தாள். ஆள் நடக்கலாம், தள்ளுவண்டி தட்டுத்தடுமாறிப் போகும். சின்ன நாற்றுகளை அப்படிக் கொண்டுபோய்விடலாம். ஆனால் பண்ணைக்குச் சோறு போட்டது பெரிய கன்றுகள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த எலுமிச்சை, மாதுளை, நிழல் மரங்கள். ஒவ்வொன்றையும் மண்ணோடு தூக்க நாலு பேர் வேண்டும், ஏற்ற வண்டி வேண்டும். புதிதாகக் கட்டும் ஆஸ்பத்திரி வளாகத்துக்கு இருநூறு கன்று கேட்டிருந்தார்கள். அவர் இருக்கும்போதே தொடங்கி, ஐந்து வருஷமாக வளர்ந்து நின்றவை அவை. பாதை கிடைக்காவிட்டால் பண்ணையை மூடிவிட்டு மகள் வீட்டு மாடி அறைக்குப் போக வேண்டியதுதான். மகள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள். அங்கே ஜன்னலில் இரண்டு தொட்டி வைக்கலாமாம்.

*

வக்கீலம்மாவின் அறை ஒரு பேப்பர் கடைக்கு மாடியில் இருந்தது. எப்போதும் ஜலதோஷம் பிடித்தவர் அவர். மூக்கைத் துடைத்துக்கொண்டே, சட்டத்தை நாற்றுக்காரிக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"சந்து அவருதுதான். அதுல சண்டை இல்ல. நாம கேக்கறது சொந்தம் இல்ல, வழி. ஒருத்தர் நிலத்து மேல இன்னொருத்தர் இருபது வருஷம் விடாம, ஒளிவுமறைவு இல்லாம, தடை இல்லாம, தன் உரிமை மாதிரியே போயிட்டு வந்தா, அந்த வழி அவருக்கு உரிமையாயிடும். எழுத்து தேவையில்ல."

"இருபத்தாறு வருஷம் போயிருக்கோமே! ஊரே பார்த்திருக்கே!"

"அதான் நம்ம பலம். வேற வழியே இல்லைன்னு கேக்கலாம்னா பலகைப் பாலம் இருக்கு. சின்னதோ பெருசோ, அதுவும் வழிதான்னுடுவாங்க. அதனால இருபது வருஷக் கணக்கு ஒண்ணுதான் நமக்கு. கேட் போட்டு ஒரு மாசம்தான் ஆகுது, நல்ல வேளையா உடனே வந்தீங்க. வருஷக் கணக்கா சும்மா இருந்திருந்தா இந்த உரிமையும் கையை விட்டுப் போயிருக்கும்." தும்மினார். "ஒண்ணே ஒண்ணு. அனுமதி கேட்டுப் போனா இருபது இல்ல, இருநூறு வருஷம் போனாலும் உரிமை வராது. அது அவங்க காட்டுற தயவு. தயவை எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம். உங்க வீட்டுக்காரர் யார்கிட்டயும் அனுமதி கேக்கலையே?"

நாற்றுக்காரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

வக்கீலம்மா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. "தினமுமா?" என்றார்.

"வண்டி வர்ற அன்னிக்கெல்லாம்."

"சத்தமாவா?"

"தெருவுக்கே கேக்கும்."

*

வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு வரும் வரை கேட்டைத் திறந்து வைக்க உத்தரவு வேண்டும் என்று ஒரு மனுவும் சேர்த்துப் போட்டார்கள். நீதிபதி, இடத்தைப் பார்த்து அளந்து வரச் சொல்லி ஒரு இளம் வக்கீலை ஆணையராக அனுப்பினார்.

அவர் வந்த காலை ரொம்ப அழகாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மழை விட்டுச் சந்து முழுக்க வெளிச்சம் ஈரமாகக் கிடந்தது. இரண்டு தரப்பு வக்கீல்களும் செருப்பைக் கையில் எடுக்காத குறையாக நடந்தார்கள். ஆணையர் டேப்பை நீட்டி அகலம் எழுதினார், நீளம் எழுதினார். தரையில் சக்கரத் தடம் இரண்டு வாய்க்கால் மாதிரிக் குழிந்திருந்ததை, புல் முளைக்காத இடத்தை, எல்லாம் எழுதினார். பலகைப் பாலத்துக்கும் போய் மூன்றடி என்று எழுதினார்.

திரும்பி வரும்போது முன் வீட்டுச் சுவரில் ஒரு மாடம் கண்ணில் பட்டது. தெருவிலிருந்து பத்துத் தப்படி உள்ளே. ஆள் உட்காரும் உயரம், இரண்டரை அடி ஆழம். சுவரை உடைத்து உள்ளே தள்ளிக் கட்டி, மேலே வளைவாகப் பூசியிருந்தது. மருந்துக்காரர் அதில் செருப்பு அலமாரி வைத்திருந்தார்.

"இது என்னது?" என்றார் ஆணையர்.

"தெரியல சார். வாங்கும்போதே இருந்தது. உள்ளே என் அறை இதனால ஒரு பக்கம் இடிச்சுக்கிட்டு நிக்குது. கட்டில் போட முடியல," என்றார் மருந்துக்காரர்.

ஆணையர் நாற்றுக்காரியைப் பார்த்தார். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். சந்து வழியாக அவள் நடந்ததே குறைவு. நடந்த நாளிலும் சுவரைப் பார்த்துக்கொண்டா நடந்தாள்? ஆணையர் அளந்து, "வலப்புறச் சுவரில் மாடம் ஒன்று. பழைய பூச்சு. பயன் தெரியவில்லை" என்று எழுதிக்கொண்டார்.

அன்று மதியம் கனவில் சந்து இன்னும் கொஞ்சம் நீண்டது.

கேட்டைத் திறந்து வைக்கும் மனு தள்ளுபடியானது. நடந்துபோக வேறு வழி இருக்கிறது, அனுமதியா உரிமையா என்பது சாட்சிகளை விசாரித்தால்தான் தெரியும், ஆகவே பிரதான வழக்கையே விரைந்து முடிக்கிறேன் என்றார் நீதிபதி. நீதிமன்ற அகராதியில் விரைந்து என்றால் பதினான்கு மாதம்.

அந்தப் பதினான்கு மாதமும் நாற்றுக்காரி தள்ளுவண்டியில் சின்னச் செடிகளைப் பலகை வழியே தள்ளிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் மூன்று முறை வாய்தா கொடுத்தார்கள், அடுத்த மழைக்குள் கன்று வராவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்றார்கள். கன்றுகளுக்கு மட்டும் ஒரு கவலையும் இல்லை. நின்ற இடத்தில் வளர்ந்தன. ஒரு நாள் அவள் ஒரு மாதுளையைச் சாய்த்துப் பார்த்தபோது பை அசையவில்லை. அடியைக் கிழித்துக்கொண்டு வேர் தரைக்குள் இறங்கியிருந்தது. வாரம் ஒரு முறை ஒவ்வொன்றாக அசைத்து, வேரை நறுக்கி, கெஞ்சி, கன்றுகளைப் பைக்குள்ளேயே வைத்திருப்பது அவளுடைய தனி வேலையாகிவிட்டது.

"உங்களுக்கு இருக்கிற தைரியம்கூட எனக்கில்ல," என்பாள் அவற்றிடம். செடிகளோடு பேசுவது அவருடைய பழக்கம். எப்போது தனக்குத் தொற்றியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

விசாரணைக்கு முந்தின வாரம் வக்கீலம்மா கூப்பிட்டனுப்பினார். எதிர்த்தரப்பு சாட்சிப் பட்டியலில் எதிர்வீட்டுத் தையல்காரர் பெயர் இருந்தது.

"முப்பது வருஷமா அந்தச் சந்துக்கு எதிர்லயே மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கார். ஒவ்வொரு தடவையும் கேட்டார்னு சொல்லப்போறார். அதுக்கு முன்னாடி நீங்க கூண்டு ஏறணும். உங்களைக் கேப்பாங்க."

"என்ன சொல்றது?"

வக்கீலம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். "நீங்க பின்னாடி வேலையா இருந்தவங்க. சரியா ஞாபகம் இல்லைன்னா, ஞாபகம் இல்லைன்னு சொல்றது தப்பில்ல."

"ஞாபகம் இருக்கே."

"அதான் பிரச்சனை," என்று மூக்கைச் சிந்தினார் அவர்.

தையல்காரரோடு அவள் பேச்சை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் சம்மன் வந்த அன்றே வடிகால் பக்கமாகச் சுற்றி வந்து, "தங்கச்சி, கோர்ட்டு கூப்பிட்டா நான் போகாம இருக்க முடியாது" என்றார். "போங்கண்ணே, நல்லாப் போய்ச் சொல்லுங்க" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரிடம் தைக்கக் கொடுத்த ரவிக்கையைக்கூடத் திரும்ப வாங்கப் போகவில்லை.

நீதிமன்ற அறையில் மின்விசிறி, இறக்கையை எண்ணிவிடலாம் போல மெதுவாகச் சுற்றியது. சாட்சி சொல்வதை நீதிபதி கேட்டு, கோர்வையான வாக்கியமாக்கி, தட்டச்சுக்காரருக்குச் சொல்வார். நாற்றுக்காரி கூண்டில் ஏறி உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தாள். எதிரே மருந்துக்காரரின் வக்கீல் ரொம்ப மரியாதையாக எழுந்தார்.

"உங்க கணவர் நல்ல மனுஷர்னு கேள்விப்பட்டேன்மா."

"ஆமாங்க."

"அடுத்தவங்க இடத்துல சொல்லாமக் கொள்ளாம நுழையிறவர் இல்ல."

"இல்லைங்க."

"வண்டி வரும்போதெல்லாம் சந்து முனையில நின்னு 'போகலாமா'ன்னு கேப்பார். சரியா?"

வக்கீலம்மா தன் காகிதக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஞாபகம் இல்லை என்ற இரண்டு வார்த்தை அவள் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. அதைச் சொன்னால் இருநூறு கன்றும் நாளைக்கு வண்டி ஏறும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவர் கொடுத்த குரலை இல்லை என்று சொல்வது அவர் இருந்ததையே இல்லை என்று சொல்கிற மாதிரி இருந்தது. மீதி எல்லாம்தான் போய்விட்டது. அந்தக் குரலையாவது விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

"கேப்பார்," என்றாள். "ஒரு நாள்கூடக் கேக்காம இருந்ததில்ல."

தட்டச்சு சடசடத்தது. வக்கீலம்மா தும்மக்கூட மறந்துவிட்டார்.

"யாரைக் கேப்பார்?"

"முன் வீட்டுக்காரரைத்தான் இருக்கும்."

நீதிபதி தலையை நிமிர்த்தினார். "இருக்கும்னு வேண்டாம்மா. நீங்க பார்த்தீங்களா? தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க."

"பார்க்கலைங்க. நான் பின்னாடி இருப்பேன். குரல்தான் கேக்கும். யாரைன்னு..." அவள் நிறுத்தினாள். "எனக்குத் தெரியாது."

கூண்டை விட்டு இறங்கி வந்து உட்கார்ந்த பிறகும் அந்தத் தெரியாது அவளை விடவில்லை. அவர் இருந்த வரை எதுக்குக் கேக்கிறீங்க என்று சண்டை போட்டிருக்கிறாள். யாரைக் கேட்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

*

அடுத்த வாய்தாவில் மருந்துக்காரர் தன் பத்திரத்தைக் காட்டிச் சாட்சி சொன்னார். அவருக்குப் பின் தையல்காரர் ஏறினார். கழுத்திலிருந்து இஞ்சு டேப்பைக் கழற்ற மறந்து வந்திருந்தார்.

"ஒவ்வொரு தடவையும் கேட்டாரா?" என்றார் மருந்துக்காரரின் வக்கீல்.

"கேட்டார். என் காதால கேட்டிருக்கேன். அந்தக் குரலை வச்சுத்தான் ஏழு மணின்னு மிஷின்ல உட்காருவேன்."

"அவ்வளவுதான்." அவர் திருப்தியாக உட்கார்ந்தார்.

வக்கீலம்மா பாதி எழுந்து, "குறுக்கு விசாரணை..." என்று தொடங்கினார். இல்லை என்று முடிக்கப் போகிறார் என்பது அவர் தோள்பட்டையிலேயே தெரிந்தது. பின் பெஞ்சிலிருந்து நாற்றுக்காரி அவர் கருப்பு அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"யாரைக் கேட்டார்னு கேளுங்க."

"பதில் தெரியாத கேள்வியைக் கூண்டுல கேக்கக்கூடாது," என்று பல்லைக் கடித்தார் வக்கீலம்மா. "முன் வீட்டுக்காரரைன்னு சொல்லிட்டா கதை முடிஞ்சுது."

"முடிஞ்சா முடியட்டும். எனக்குத் தெரியணும்."

வக்கீலம்மா அவள் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, அங்கியைச் சரிசெய்துகொண்டு முழுசாக எழுந்தார்.

"யாரைக் கேப்பார்?"

"அந்த அம்மாவைத்தான்," என்றார் தையல்காரர், இதைப்போய்க் கேட்கிறார்களே என்கிற மாதிரி.

"எந்த அம்மா?"

"முன் வீட்டுக்காரரோட சம்சாரம். பக்கவாதம் வந்து கையும் காலும் வாயும் விழுந்துபோச்சு. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். டாக்டர் காலை வெயில் படணும்னு சொன்னார். வீட்டுல வெயில் வர்ற ஒரே இடம் அந்தச் சந்து. நாற்காலியோட கொண்டுவந்து நடுச் சந்துல உட்கார வைப்பாங்க. வண்டி வரும். இவரு இறங்கி, அந்த அம்மா முன்னாடி குனிஞ்சு, 'அக்கா, போகலாமா?'ன்னு கேப்பார். அது கையை இத்தனூண்டு தூக்கும். உடனே நாற்காலியோட அலாக்காத் தூக்கி ஓரமா வைப்பார். வண்டி போனதும் திரும்ப வெயில்ல வைப்பார். சும்மாத் தூக்கி வைக்க மாட்டார். சாமானா என்ன, அதுக்கும் மனசு இருக்கில்லன்னு சொல்வார்."

நீதிபதி தட்டச்சுக்காரருக்குச் சொல்வதை நிறுத்தியிருந்தார். நாற்றுக்காரிக்கு அறை முழுவதும் ஈர வெளிச்சம் வந்து நிரம்பினாற்போல இருந்தது. சந்து ஒரே வீச்சில் சுருங்கி, அந்தக் கோடி முதல் தடவையாகத் தெரிந்தது. குனிந்த முதுகு, அதற்கு முன்னால் ஒரு நாற்காலி, அதிலிருந்து எழும்பும் ஒரு இடது கை.

"ஓரமான்னா எங்க?" என்றார் வக்கீலம்மா. அவர் குரல் மாறியிருந்தது.

"மாடத்துக்குள்ள. மொதல்ல சுவரோரமா வச்சாங்க, வண்டி உரசுற மாதிரிப் போகும். ஒரு நாள் நாற்காலிக் கால் சிக்கிக்கிச்சு. அடுத்த வாரமே முன் வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து தன் வீட்டுச் சுவரை உடைச்சு மாடம் கட்டினார். எதுக்கு சார் வீட்டைக் கெடுக்கிறீங்கன்னு நானே கேட்டேன். 'அவங்க வண்டி போற பாதையில இவளை உட்கார வைக்கிறது நான். ஒதுங்க வேண்டியது நான்தானே'ன்னார்."

"அது எத்தனை வருஷம் முன்னாடி?"

"என் மூத்த பொண்ணு பொறந்த வருஷம். இருபத்தினாலு ஆச்சு."

வக்கீலம்மா ஆணையரின் அறிக்கையை எடுத்து, பயன் தெரியவில்லை என்ற வரியைப் படித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தும்மினார்.

மருந்துக்காரரின் வக்கீல் அவசரமாக எழுந்தார். "அந்த அம்மா எப்ப இறந்தாங்க?"

"பதினேழு வருஷம் ஆகுது."

"அதுக்கப்புறம் அவர் கேக்கறதை நிறுத்திட்டாரா?"

"இல்லையே. கடைசி வரைக்கும் கேட்டார்."

"ஆக, அத்தனை வருஷமும் வீட்டுக்காரர்கிட்ட அனுமதி கேட்டிருக்கார்!"

"வீட்டுக்காரர் எங்க இருந்தார்? அந்த அம்மா போனப்புறம் அந்த நேரத்துக்கு அவர் எழுந்திருக்கவே மாட்டாரே. காலி மாடம்தான் இருக்கும். அது முன்னாடி நின்னு 'போகலாமா அக்கா'ன்னு கேப்பார்."

"யார் பதில் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலைங்க."

"அப்புறம்?"

"ஒரு நிமிஷம் நிப்பார். வண்டி போகும்."

வாசலில் தையல்காரர் அவளைக் கடந்து போகும்போது நின்றார். அவள் முந்தானையால் முகத்தை முழுசாக மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா ஏன்ணே என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே தங்கச்சி," என்றார் அவர் பரிதாபமாக. "உனக்குத் தெரியும்னு நினைச்சேன். ரவிக்கை ரெடியா இருக்கு."

*

தீர்ப்பை வக்கீலம்மா படித்துச் சொன்னார். கேட்கும் வார்த்தை அனுமதியாகிவிடாது, யாரிடம் எதற்காகக் கேட்டார் என்பதே முக்கியம் என்று நீதிபதி எழுதியிருந்தார். பேச முடியாத ஒரு நோயாளியை நகர்த்தும் முன் கேட்டது மரியாதை. நில உடைமையாளரோ, வண்டிக்கு வழிவிடத் தன் சுவரையே உடைத்துக்கொண்டவர். தயவு காட்டுகிறவர் அப்படிச் செய்யமாட்டார், அடுத்தவர் உரிமையை அறிந்தவர்தான் செய்வார். நாற்றுக்காரிக்குச் சந்து வழியே வண்டி கொண்டுபோகும் உரிமை உண்டு, நிறுத்தி வைக்கும் உரிமை இல்லை. கேட் இருக்கலாம், பூட்டு கூடாது, கார் குறுக்கே நிற்கக்கூடாது.

"ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்குங்க," என்றார் வக்கீலம்மா. "இனிமே யாரையும் போகலாமான்னு கேக்கவே கேக்காதீங்க."

"சரிங்க," என்றாள் அவள்.

மழைக்குப் பத்து நாள் மிச்சம் இருந்தது. இருநூறில் இருபத்தொன்று நறுக்க நறுக்க வேர்விட்டுத் தரையோடு தங்கிவிட்டன. அவற்றை விட்டுவிட்டாள். மீதியை ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

முதல் வண்டி வந்த காலை அவள் பண்ணைக் கோடியில் இருக்கவில்லை. கை கால் கழுவி, தையல்காரர் தைத்துக் கொடுத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, சந்தின் நீளத்துக்கு நடந்து தெருமுனைக்கு வந்தாள். அறுபது தப்படிதான். ஒன்றுகூடக் கூடவில்லை. கேட் திறந்து கிடந்தது. வண்டிக்காரன் நேரே உள்ளே திருப்பப் பார்த்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

எதிரே தையல் மிஷின் சத்தம் நின்றது.

அவள் மாடத்துக்கு முன்னால் போய் நின்றாள். செருப்பு அலமாரி இல்லை. யாரோ அதை எடுத்துவிட்டுத் தரையைக் கழுவியிருந்தார்கள். வளைவுக்குள் காலை வெயில் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. வெறும் சுவரைப் பார்த்து வாய் திறக்கக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் எப்படித்தான் அத்தனை வருஷம் செய்தாரோ என்று நினைத்துக்கொண்டே கொஞ்சம் குனிந்தாள்.

"போகலாமா, அக்கா?"

ஜன்னல் கதவு படாரென்று திறந்தது. மருந்துக்காரர் கலவரத்தோடு தலையை நீட்டினார். "அம்மா, என்னை ஏன் கேக்கிறீங்க? அதான் தீர்ப்பு வந்தாச்சே, நான் இப்ப என்ன சொன்னாலும் தப்பாயிடும்!"

"உங்களைக் கேக்கல சார்," என்றாள் நாற்றுக்காரி.

ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு வண்டிக்காரனைப் பார்த்துத் தலையசைத்தாள்.